எட்டு ஹார்ட் டிஸ்க், ஒரே கார்டு

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இடம் எப்போதும் போதாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸையோ ட்ரூநாஸையோ ஏற்றி, கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், அலுவலகக் கோப்புகளின் நகல் என்று ஒவ்வொன்றாகக் குடியேற்றிக்கொண்டே போனால் இரண்டு டிஸ்க் நான்காகும், நான்கு ஆறாகும். பெட்டிக்குள் டிஸ்க்கை மாட்ட இடம் இருக்கும். பவர் சப்ளையிலும் வயர் மீதம் இருக்கும். மதர்போர்டில்தான் சொருக போர்ட் இருக்காது.

இப்போது விற்பனையில் இருக்கும் நடுத்தர விலை மதர்போர்டுகள் பலவற்றில் சாட்டா போர்ட் நான்குதான். விலை உயர்ந்தவற்றில் ஆறு கிடைக்கும், எட்டு கிடைப்பது அரிது. சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைச் சொருகினால் இருக்கும் சாட்டா போர்ட்டிலும் ஒன்று வேலை செய்யாமல் போகும். எட்டு டிஸ்க்கை இணைக்க நினைப்பவர் கடைசியில் போய்ச் சேர்வது ஹோஸ்ட் பஸ் அடாப்டர் என்ற கார்டிடம். சுருக்கமாக எச்பிஏ. பெரிய நிறுவனங்களின் சர்வர் அறைகளுக்காகச் செய்யப்பட்டு, அங்கே ஓய்வுபெற்று, பழைய பொருள் சந்தை வழியாக வீடுகளுக்கு வந்து சேரும் கார்டு இது. அவற்றில் வீட்டு சர்வர்க்காரர்களிடம் அதிகம் புழங்குவது எல்எஸ்ஐ 9211-8ஐ. அதையே உதாரணமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் 8 டெராபைட் கொள்ளளவுள்ள எட்டு டிஸ்க்குகளை ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில் இணைப்பதைப் பார்க்கலாம்.

எச்பிஏவுக்கு வருவதற்கு முன் பலரும் வாங்கிப் பார்ப்பது மலிவான சாட்டா விரிவாக்கக் கார்டு. எட்டு போர்ட், பத்து போர்ட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் மதர்போர்டில் நுழையும் அதன் முனையைப் பார்த்தால் விரல் நகத்தளவே இருக்கும். அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் அது தொடுவது ஒரே ஒரு லேன். பல கார்டுகளில் உள்ளே இருப்பதும் இரண்டு போர்ட்டுக்கான சிறு சிப்தான். அந்த இரண்டையும் 'போர்ட் மல்டிப்ளையர்' என்ற இன்னொரு சிப் கிளை பிரித்து எட்டாகவோ பத்தாகவோ காட்டுகிறது. ஐந்து வீட்டுக்கு ஒரே தெருக்குழாய் போல. ஒவ்வொருவராகக் குடத்தை வைக்கிறவரை தண்ணீர் வரும். ஒருவர் குடத்தை வைத்துவிட்டு நகராமல் நின்றுவிட்டால் மற்ற நால்வருக்கும் கிடையாது. பழுதாகத் தொடங்கிய டிஸ்க் அப்படித்தான் நின்றுவிடும். படிக்க முடியாத ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டு பல வினாடிகள் பதில் சொல்லாது. அந்த நேரத்தில், நல்ல நிலையில் இருக்கும் நான்கு டிஸ்க்குகளும் சேர்ந்து காணாமல் போனதாக சர்வருக்குத் தோன்றும். ஒரு டிஸ்க் பழுதானால் தாங்கும் என்று கணக்குப் போட்டு அமைத்த சேமிப்பகம், ஐந்து டிஸ்க் ஒன்றாக விலகுவதைத் தாங்காது.

வேகத்திலும் அதே நெரிசல்தான். வீட்டு நெட்வொர்க் பெரும்பாலும் ஒரு கிகாபிட். அதில் வினாடிக்கு ஏறத்தாழ 115 மெகாபைட்தான் போகும். ஒரு டிஸ்க்கே அதைவிட வேகம். அப்படியிருக்க, டிஸ்க்குகளுக்கு அகலமான பாதை எதற்கு என்று கேட்கலாம். படம் பார்க்கும்போது அது தேவைப்படாது. மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துச் சரிபார்க்கும்போதும், பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதை வைத்து மீட்டெழுதும்போதும்தான் அதன் அவசியம் தெரியும். அப்போது எட்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

ஒற்றை லேன் கார்டில் வினாடிக்கு நடைமுறையில் 400 மெகாபைட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு டிஸ்க் பங்கிட்டால் ஆளுக்கு 50 மெகாபைட். 8 டெராபைட்டைப் படித்து முடிக்க 1,60,000 வினாடி ஆகும், அதாவது 44 மணி நேரத்துக்கு மேல். அதே டிஸ்க்குகள் தடையின்றி, வெளிவட்டத்தில் வேகமாகவும் உள்வட்டத்தில் மெதுவாகவும் சராசரியாக 150 மெகாபைட் வேகத்தில் ஓடினால் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு டிஸ்க் பழுதாகி மற்றவை மீட்டெழுதிக்கொண்டிருக்கும் நேரம்தான் சேமிப்பகம் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம். அது 15 மணி நேரமா, இரண்டு நாளா என்பது பெரிய வித்தியாசம்.

9211-8ஐ இந்த நெரிசலை எப்படித் தீர்க்கிறது? அதன் பெயரிலுள்ள 8 என்பது எட்டு தனித்தனித் தடங்கள். கடைசியில் இருக்கும் 'ஐ', அவை கணினிப் பெட்டிக்கு உள்ளேயே இணைப்பதற்கானவை என்பதைக் குறிக்கிறது. வெளியே இருக்கும் டிஸ்க் பெட்டிகளை இணைப்பதற்கான கார்டுகளில் அந்த இடத்தில் 'இ' இருக்கும். ஒவ்வொரு தடத்துக்கும் வினாடிக்கு 6 கிகாபிட் வேகம், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு தடம். மதர்போர்டு பக்கம் அது இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் எட்டு லேன்களைத் தொடுகிறது. லேனுக்கு வினாடிக்கு 500 மெகாபைட் என்ற கணக்கில் மொத்தம் 4,000 மெகாபைட். எட்டு ஹார்ட் டிஸ்க்கும் தலைக்கு 200 மெகாபைட் வேகத்தில் முழுமூச்சாக ஓடினாலும் 1,600தான். நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு லேன் மட்டுமே இணைக்கப்பட்ட இரண்டாம் ஸ்லாட்டில் சொருகினால்கூட 2,000 கிடைக்கும், போதும். கிராபிக்ஸ் கார்டுக்கான முதல் ஸ்லாட்டைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கோப்பைக் கேட்டால் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வரவேற்பறை டிவி ஒரு வீடியோவைக் கேட்கிறது. மூன்றாம் டிஸ்க்கில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு படி என்ற கட்டளையை இயங்குதளம் தயாரித்து நினைவகத்தில் ஒரு வரிசையில் வைக்கிறது. கார்டின் சிப் அந்தக் கட்டளையைத் தானே எடுத்து, மூன்றாம் டிஸ்க் எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்த வயரில் அனுப்புகிறது. டிஸ்க்கிலிருந்து வரும் தரவை, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்தில் எழுதிவிட்டு, 'முடிந்தது' என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கிறது. இதே வேலையை எட்டு தடங்களிலும் ஒரே சமயத்தில் செய்கிறது. ஒரு டிஸ்க் பதில் தராமல் முரண்டு பிடித்தால் அந்தத் தடத்தை மட்டும் ரீசெட் செய்யும். மற்ற ஏழும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தடங்கள் உண்மையில் சாட்டா தடங்கள் இல்லை. நிறுவன டிஸ்க்குகளுக்கான சாஸ் என்ற முறையைச் சேர்ந்தவை. ஆனால் சாட்டா டிஸ்க்கையும் ஏற்றுக்கொள்ளும்படியே சாஸ் வடிவமைக்கப்பட்டது. கார்டுக்கு இயங்குதளம் ஸ்கஸி மொழியில் கட்டளை கொடுக்கிறது, கார்டின் ஃபர்ம்வேர் அதைச் சாட்டா டிஸ்க்குக்குப் புரியும் ஏடிஏ கட்டளையாக மாற்றுகிறது. கடையில் வாங்கிய சாதாரண டிஸ்க்கைச் சொருகினால் மறுபேச்சில்லாமல் வேலை செய்வது இதனால்தான். தலைகீழாகச் செய்ய முடியாது. மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் ஓடாது, தவறிச் சொருகிவிடாதபடி அதன் முனையிலேயே இடைவெளியை அடைத்திருப்பார்கள். எச்பிஏ வைத்திருப்பவருக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு: பழைய சந்தைக்கு வரும் சாஸ் டிஸ்க்குகளையும் அவர் வாங்கிப் பயன்படுத்தலாம்.

போர்ட் எண்ணிக்கையைப் பெருக்குவதோடு இந்தக் கார்டின் கதை முடிவதில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது, டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் அது எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறது என்பது.

பார்வைக்கு இதே போன்ற, பல சமயம் இதே சிப்பையே வைத்த இன்னொரு வகை உண்டு: ரெய்டு கார்டு. அது எட்டு டிஸ்க்குகளைத் தானே சேர்த்துக் கட்டி, ஒரே பெரிய டிஸ்க்காக இயங்குதளத்துக்குக் காட்டும். எந்தத் தரவு எந்த டிஸ்க்கில் இருக்கிறது, எதில் பிழை வந்தது, எதை ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் கார்டின் முடிவு. ஒரு காலத்தில் இதுதான் நியாயமான ஏற்பாடு. ஆனால் சன் நிறுவனத்தில் 2001இல் தொடங்கி 2005இல் திறந்த மூலமாக வெளியான இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் அந்த வேலையைத் தாங்களே செய்கின்றன. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைத்து, படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் எந்த டிஸ்க் தவறான தரவைத் தந்தது என்று கண்டுபிடித்து, மற்ற டிஸ்க்குகளிலிருந்து சரியானதைக் கட்டி எழுதிவிடும். இதைச் செய்ய அதற்கு ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவில் ரெய்டு கார்டு நின்று எட்டையும் ஒன்றாகக் காட்டினால், பிழை இருக்கிறது என்று தெரியும், ஆனால் எந்த டிஸ்க்கில் என்று தெரியாது. திருத்துவதற்கு வேறு நகலும் கைக்கு எட்டாது.

இன்னொரு சிக்கல், எழுதி முடித்ததாகச் சொல்லும் நேரம். ரெய்டு கார்டுகள் பலவற்றில் சொந்த நினைவகம் உண்டு. தரவு அதில் வந்து விழுந்ததுமே 'எழுதியாகிவிட்டது' என்று பதில் சொல்லிவிட்டு, டிஸ்க்குக்குப் பிறகு அனுப்பும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சரி. பழைய சந்தையில் வாங்கிய கார்டில் பேட்டரி செத்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எழுதியாகிவிட்டதாக இயங்குதளம் நம்பிய தரவு எங்குமே இருக்காது. கார்டே பழுதானால் சிக்கல் இன்னும் பெரிது. டிஸ்க்குகளை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்ற குறிப்பை அது தன் பாணியில் எழுதி வைத்திருப்பதால், பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேடிப் பிடித்தால்தான் தரவு திரும்பக் கிடைக்கும். எச்பிஏ பழுதானால் டிஸ்க்குகளைக் கழற்றி, வேறெந்தக் கணினியின் எந்தப் போர்ட்டில் வேண்டுமானாலும் சொருகலாம். வேறு கார்டாக இருந்தாலும், மதர்போர்டின் போர்ட்டாக இருந்தாலும், டிஸ்க்குகள் வரிசை மாறியிருந்தாலும், `zpool import` என்ற ஒரே கட்டளையில் சேமிப்பகம் எழுந்து வந்துவிடும்.

ஆகவே கார்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் ஃபர்ம்வேர். 9211-8ஐ கார்டில் இருக்கும் சாஸ்2008 என்ற சிப்புக்கு இரண்டு வகை ஃபர்ம்வேர் உண்டு. ஐஆர் எனப்படுவது கார்டுக்குள்ளேயே எளிய ரெய்டு வசதியையும் சேர்த்தது. ஐடி எனப்படுவது ரெய்டு எதுவும் இல்லாமல் டிஸ்க்கை அப்படியே காட்டுவது. வீட்டு சர்வருக்கு வேண்டியது ஐடி. இதே சிப்பை வைத்து ஐபிஎம் நிறுவனம் எம்1015 என்ற பெயரிலும், டெல் நிறுவனம் எச்200, எச்310 என்ற பெயர்களிலும் ரெய்டு கார்டுகளை விற்றன. அவற்றின் ஃபர்ம்வேரை அழித்துவிட்டு எல்எஸ்ஐயின் ஐடி ஃபர்ம்வேரை ஏற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்த பிறகுதான், இந்தக் கார்டுகள் வீட்டு சர்வர் உலகில் இவ்வளவு புழங்க ஆரம்பித்தன. எல்எஸ்ஐயை 2014இல் அவாகோ வாங்கியது. அவாகோ 2016இல் பிராட்காமை வாங்கி அதன் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது. ஒரே கார்டு மூன்று பெயர்களில் கண்ணில் படுவது இதனால்தான்.

கார்டு கைக்கு வந்ததும், எந்த ஃபர்ம்வேர் இருக்கிறது என்பதை `sas2flash -list` என்ற கட்டளையால் பார்க்கலாம். சரியாக இருந்தால் திரையில் இந்த மூன்று வரிகள் தென்படும்:

```
Controller            : SAS2008(B2)
Firmware Product ID   : 0x2213 (IT)
Firmware Version      : 20.00.07.00
```

இரண்டாம் வரியில் `IR` என்று இருந்தால் மாற்ற வேண்டும். யூஇஎஃப்ஐ ஷெல்லில் கணினியை எழுப்பி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவதற்கு இரண்டே கட்டளைகள்:

```
sas2flash.efi -o -e 6
sas2flash.efi -o -f 2118it.bin
```

முதல் கட்டளை ஓடி முடிந்ததும் கார்டில் ஃபர்ம்வேரே இருக்காது. இரண்டாவதை ஓட்டி முடிக்கும்வரை கணினியை அணைக்கவோ ரீஸ்டார்ட் செய்யவோ கூடாது. அழிக்கும்போது கார்டின் சாஸ் முகவரியும் சேர்ந்து போய்விடலாம் என்பதால், கார்டின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் 500605பி என்று தொடங்கும் எண்ணை முன்பே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு `-sasadd` மூலம் அதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இருபதாம் வரிசை ஃபர்ம்வேரின் ஆரம்பப் பதிப்புகளில் கோளாறுகள் இருந்தன, 20.00.07.00தான் நிலையான பதிப்பு. விற்பவர் 'ஐடி மோடு' என்று சொன்னாலும் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இதைவிடப் பழைய 1068இ என்ற சிப் கொண்ட கார்டுகள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்கு சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 8 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் சிறிய டிஸ்க்காகத்தான் காட்டும்.

மாட்டும்போது இரண்டு இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது கேபிள். கார்டில் எட்டு சாட்டா முனைகள் இருக்காது. எஸ்எஃப்எஃப்-8087 என்ற இரண்டு அகலமான முனைகள்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு தடங்கள். ஒரு பக்கம் அந்த முனையும் மறுபக்கம் நான்கு சாட்டா முனைகளும் உள்ள பிரிப்புக் கேபிள் வாங்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது 'ஃபார்வர்டு'. மதர்போர்டின் நான்கு சாட்டா போர்ட்டிலிருந்து சர்வர் பெட்டியின் பின்பலகைக்குப் போவது 'ரிவர்ஸ்'. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வயர் ஓடும் விதம்தான் வேறு. ரிவர்ஸ் கேபிளை மாட்டினால் எதுவும் கெடாது, ஆனால் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியாது. புதிய கார்டும் புதிய கேபிளும் வைத்து நான்கு டிஸ்க்கும் மொத்தமாகத் தெரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, கணினியே எழாமல் போவது. சர்வர்களுக்காகச் செய்த எம்1015 போன்ற கார்டுகள் சில வீட்டு மதர்போர்டுகளில் சொருகியதும் திரையில் எதுவுமே வராது. ஸ்லாட் வழியாகப் போகும் எஸ்எம்பஸ் என்ற சிறு நிர்வாகத் தொடர்பில் கார்டும் போர்டும் மோதிக்கொள்வதே காரணம். கார்டில் சிப் இருக்கும் பக்கத்தில், வெளிப்புற இரும்புத் தகட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவதும் ஆறாவதுமான தங்கப் பூச்சுத் தகடுகளை, வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்பால் மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுமுன் செய்து பார்க்க வேண்டிய வேலை இது.

எச்பிஏ தரவை மட்டுமே கடத்துகிறது, டிஸ்க்குக்கு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து தனி வயரில்தான் போகும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் வயரில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். எட்டும் சேர்ந்து எழுந்தால் 16 ஆம்பியர், அதாவது 190 வாட்டுக்கு மேல், சில வினாடிகளுக்கு. ஒரே வயரில் எட்டையும் கிளை பிரித்துத் தொங்கவிடக் கூடாது.

மின்வயரையும் தரவுக் கேபிளையும் எப்படிப் பங்கிடுவது என்பதில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. பின்னாளில் கோளாறு வரும்போது அது பெரிய உதவி செய்யும். டிஸ்க்குகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிட்டு, சீரியல் எண்ணோடு லேபிள் ஒட்டிக்கொள்ளலாம். தரவுக் கேபிளில் 1, 2, 3, 4 ஒரு கேபிள், 5, 6, 7, 8 இன்னொரு கேபிள். மின்வயரில் மட்டும் வேறு மாதிரி: 1, 2, 5, 6 ஒரு வயர், 3, 4, 7, 8 மற்றொரு வயர். இப்போது எந்த டிஸ்க்குகள் சேர்ந்து காணாமல் போகின்றன என்பதே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

ஒரு நாள் இரவு சேமிப்பகம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 அமைப்பு அது. `zpool status` பார்த்தால் நான்கு டிஸ்க்குகள் இல்லை. நான்கு டிஸ்க் ஒரே நிமிடத்தில் தானாகச் சாவது நடக்காத காரியம், ஆகவே டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் லேபிளைப் பார்க்க வேண்டும். காணாமல் போனவை 1, 2, 3, 4 என்றால் தரவுக் கேபிளோ, கார்டில் அது சொருகிய முனையோ தளர்ந்திருக்கிறது. 1, 2, 5, 6 என்றால் மின்வயர். எட்டும் போயிருந்தால் கார்டு, அல்லது அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட். ஒன்று மட்டும் போயிருந்தால்தான் அந்த டிஸ்க்கின் மேல் சந்தேகம் வர வேண்டும். தளர்ந்த முனையை அழுத்திச் சொருகி, கணினியைத் திரும்ப எழுப்பி, `zpool clear` கொடுத்தால் பெரும்பாலும் சேமிப்பகம் இருந்த இடத்திலிருந்து தொடரும். பயந்துபோய் டிஸ்க்குகளை அழித்துப் புதிதாக அமைப்பதுதான் உண்மையான இழப்பு.

ஒரே ஒரு டிஸ்க் அடிக்கடி விலகினாலும், அது டிஸ்க்கா வயரா என்று பிரித்தறிய வழி இருக்கிறது. எச்பிஏ டிஸ்க்கை அப்படியே காட்டுவதால், டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை `smartctl -a` மூலம் நேராகப் படிக்கலாம். பார்க்க வேண்டிய வரிகள் இவை:

```
  5 Reallocated_Sector_Ct
197 Current_Pending_Sector
199 UDMA_CRC_Error_Count
```

முதல் இரண்டும் ஏறினால் டிஸ்க்கின் பரப்பே கெடுகிறது, மாற்ற வேண்டியதுதான். மூன்றாவது மட்டும் ஏறினால் பரப்பு நன்றாக இருக்கிறது, வழியில் தரவு சிதைகிறது. கேபிளை மாற்றிவிட்டு, எண் மேலும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அது அப்படியே நின்றுவிட்டால் கோளாறு தீர்ந்தது என்று பொருள்.

எட்டும் சேர்ந்து தடுமாறினால் பெரும்பாலும் வெப்பம்தான் காரணமாக இருக்கும். இந்தக் கார்டில் ஒரு சின்ன அலுமினியத் தகடு மட்டுமே இருக்கும், விசிறி இருக்காது. சர்வர் பெட்டிகளில் முன்னிருந்து பின்னுக்கு இரைச்சலோடு வீசும் காற்றை நம்பிச் செய்தது அது. அமைதியான டெஸ்க்டாப் பெட்டிக்குள், ஸ்லாட்டின் மூலையில், காற்றே படாமல் உட்கார்ந்தால் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். முதலில் எதுவும் தெரியாது. எல்லா டிஸ்க்குகளும் ஓடும் மாதாந்தரச் சரிபார்ப்பின் நடுவில்தான் தடுமாற்றம் ஆரம்பிக்கும். `dmesg` பதிவில் `Power-on or device reset occurred` என்ற வரி ஒரு டிஸ்க்குக்கு மட்டுமல்லாமல் மாறி மாறிப் பல டிஸ்க்குகளுக்கும் வந்துகொண்டே இருந்தால் தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைத் தகட்டின் மேல் மாட்டினாலோ, பெட்டியின் விசிறி ஒன்றை அந்தப் பக்கம் திருப்பினாலோ போதும். பழைய கார்டுகளில் சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் வெப்பப் பசை காய்ந்து கல்லாகியிருக்கும், அதையும் சுரண்டி எடுத்துப் புதியதைத் தடவிவிடுவது நல்லது.

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்களுக்கும் இந்தக் கார்டு நன்றாகக் கைகொடுக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருளில், கார்டை மொத்தமாக ஒரு மெய்நிகர் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம். அப்போது அதன் எட்டு டிஸ்க்குகளும், ஸ்மார்ட் குறிப்புகளோடு, உள்ளே ஓடும் ட்ரூநாஸுக்கு நேரடியாகத் தெரியும். மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளில் தாய்க் கணினியின் சொந்த டிஸ்க் மட்டும் இருக்கும். இரண்டு தரப்பும் ஒன்றன் டிஸ்க்கில் மற்றொன்று கை வைக்க வழியே இல்லை.

எட்டு போதாதவர்கள் கார்டை மாற்ற வேண்டியதில்லை. சாஸ் எக்ஸ்பாண்டர் என்ற பலகையைக் கார்டின் ஒரு முனையோடு இணைத்தால் அது பதினாறு, இருபது டிஸ்க்குகளுக்குக் கிளை பிரித்துக் கொடுக்கும். தெருக்குழாய் போன்ற போர்ட் மல்டிப்ளையரிலிருந்து இது வேறுபட்டது. நான்கு தடங்களையும் ஒரே கட்டாகப் பிடித்து, வினாடிக்கு 2,400 மெகாபைட் அகலத்தில் எந்த டிஸ்க்குக்கும் எந்தத் தடத்தையும் அந்தந்த நேரத்துக்கு இணைத்து விடுகிறது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அது தாராளம். எஸ்எஸ்டிகளுக்கு மட்டும் இந்தத் தலைமுறைக் கார்டு உகந்ததல்ல. அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை எல்லா எஸ்எஸ்டிகளுக்கும் இதன் வழியாகப் போய்ச் சேர்வதில்லை. அவற்றை மதர்போர்டின் சொந்தப் போர்ட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாறு டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு எச்பிஏ தேவையா என்பது நியாயமான கேள்வி. கார்டு சும்மா இருக்கும்போதுகூட 10 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். ஆண்டு முழுக்க ஓடினால் 88 யூனிட் ஆகிறது. அதோடு பிராசஸர் ஆழ்ந்த ஓய்வுநிலைக்குப் போவதையும் இந்தக் கார்டுகள் பல சமயம் தடுத்துவிடும், அந்தச் செலவு தனி. மதர்போர்டில் நான்கு போர்ட் இருந்து இன்னும் இரண்டு மூன்று மட்டும் வேண்டுமென்றால், போர்ட் மல்டிப்ளையர் இல்லாத ஏஎஸ்எம்1166 சிப் கொண்ட ஆறு போர்ட் சாட்டா கார்டு போதும். அது மூன்றாம் தலைமுறையின் இரண்டு லேன்களில் ஓடுகிறது, மின்சாரமும் மிகக் குறைவாகத்தான் எடுக்கிறது. அதிலும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித் தடம் இருக்கிறது, டிஸ்க்குகளை இயங்குதளத்திடமிருந்து மறைக்காமல் அப்படியே காட்டுகிறது. ஏழு, எட்டு என்று எண்ணிக்கை ஏறும்போதும், சாஸ் டிஸ்க்குகளை வாங்க நினைக்கும்போதும், பின்னால் எக்ஸ்பாண்டர் வைக்கும் எண்ணம் இருக்கும்போதும் 9211-8ஐ, அதற்கடுத்த மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஓடும் 9207-8ஐ, 9300-8ஐ ஆகிய மூன்றில் கைக்குக் கிடைப்பதை வாங்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு எஸ்எஃப்எஃப்-8643 என்ற வேறு முனை என்பதால், ஏற்கெனவே வைத்திருக்கும் பிரிப்புக் கேபிள் அதில் நுழையாது. கார்டோடு சேர்த்து அதற்கான கேபிளையும் வாங்க வேண்டும்.